தம்பிக்கு, உன் ரேஷியோ ஸ்லைடுகளைப் பற்றி

திங்கட்கிழமை செமினாருக்காக நீ அனுப்பிய ஃபைனான்ஷியல் ரேஷியோ ஸ்லைடு முழுவதும் பார்த்தேன். சூத்திரங்கள் சரிதான். ஆனால் ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் "ஐடியல் 2:1", "ஐடியல் 1:1" என்று போட்டு அதோடு நிறுத்தியிருக்கிறாய், அதனால்தான் உனக்கு இது மனப்பாடப் பகுதி மாதிரி தெரிகிறது. ரேஷியோ பாஸ், ஃபெயில் போடுகிற மார்க் இல்லை. ஒரு ரேஷியோ ஒரு கேள்வியைக் கிளப்பும், அதற்குப் பதில் பெரும்பாலும் இன்னொரு ரேஷியோவில் இருக்கும். திங்கட்கிழமை செமினாரில் இதை மட்டும் நீ காட்டிவிட்டால் போதும்.

எண் இல்லாமல் பேசினால் ஒன்றும் நிற்காது, அதனால் ஒரு யூனிட்டை வைத்துக்கொள்வோம். ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல் பாகமான அப்பரைத் தைத்து ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கொடுக்கிற யூனிட். எண்கள் நான் போட்டவை, எல்லாம் லட்சத்தில். முதலாளியின் சொந்தப் பணமும் சேர்த்து வைத்த லாபமும் 200, பல வருஷத்தில் கட்டுகிற டெர்ம் லோன் 100, சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் காட்டி பேங்கில் எடுக்கிற கேஷ் கிரெடிட், அதாவது சிசி 90, தோல் கொடுத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பாக்கி 70. ஆக மொத்தம் 460. அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்றால் கட்டடம், மெஷின் 180, சரக்கு 140, வர வேண்டிய பாக்கி 130, ரொக்கம் 10. வருஷ விற்பனை 730, விற்ற சரக்கின் அடக்கம் 560, மற்ற செலவு 110, வட்டி 20, வரி 10, மிச்சம் நிகர லாபம் 30.

இப்போது முதல் ஸ்லைடு, கரண்ட் ரேஷியோ. ஒரு வருஷத்துக்குள் காசாகக்கூடிய நடப்புச் சொத்து 280, ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டிய நடப்புக் கடன் 160, வகுத்தால் 1.75. ஸ்லைடுபடி 2 இல்லை, அப்போது இந்த யூனிட் பலவீனமா? இல்லை. நம் ஊர் பேங்குகள் ரொம்ப காலமாகப் பார்த்து வந்த எண் 1.33. 1975-ல் ரிசர்வ் பேங்க் போட்ட டாண்டன் கமிட்டி சொன்ன இரண்டாவது முறைப்படி, நடப்புச் சொத்தில் கால் பங்காவது நீண்ட காலப் பணத்திலிருந்து வர வேண்டும், அதாவது 100 ரூபாய் நடப்புச் சொத்துக்கு நடப்புக் கடன் 75-க்கு மேல் போகக்கூடாது. 100-ஐ 75-ஆல் வகுத்துப் பார், 1.33 வந்துவிடும். சார் "ஏன் 2 இல்லை" என்று கேட்டால் இதைச் சொல்.

அதைவிட முக்கியம், கரண்ட் ரேஷியோ ஏறினால் நல்லது என்று எழுதியிருக்கும் வரி. அதை அடித்துவிடு. வாங்குகிற கம்பெனி ஒரு ஆர்டரை ரத்து செய்துவிட்டது, அந்த சீசனுக்கென்று கலர் போட்ட தோல் 60 லட்சத்துக்குக் கோடவுனில் தங்கிவிட்டது, அதைச் சமாளிக்க இன்னும் 60 டெர்ம் லோன் எடுத்தார்கள் என்று வை. நடப்புச் சொத்து 340 ஆகிவிடும், நடப்புக் கடன் அதே 160, ரேஷியோ 2.13. ஸ்லைடின் கணக்கில் யூனிட் "ஐடியல்" ஆகிவிட்டது, உண்மையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மார்ச் 30-ஆம் தேதி வர வேண்டிய பாக்கியில் 60 வசூலித்து அன்றைக்கே தோல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டால் 220-க்கு 100, ரேஷியோ 2.2. யூனிட்டில் எதுவும் மாறவில்லை, ஒரே நாளில் எண் மாறிவிட்டது. பேலன்ஸ் ஷீட் ஒரு நாளின் கணக்கு என்பதை மறக்காதே.

அதனால்தான் அடுத்த ஸ்லைடில் குயிக் ரேஷியோ. சரக்கைக் கழித்துவிட்டால் 140-க்கு 160, 0.88. இது 1-க்குக் கீழே இருக்கிறது, சரக்கு விற்காவிட்டால் கடனை முழுதாகக் கட்ட முடியாது என்று அர்த்தம். இங்கே தொழிலைப் பார்க்க வேண்டும். காட்பாடி ரோட்டில் ஓடுகிற ஒரு மெஸ்ஸுக்கு குயிக் ரேஷியோ 0.5 இருந்தாலும் பெரிய கவலை இல்லை, காலையில் வாங்கின காய்கறி மதியத்துக்குள் காசாகிவிடுகிறது, அரிசிக்காரருக்கு மாசக் கடைசியில் கொடுத்தால் போதும். தோலில் காசு அப்படி வராது.

எப்படி வருகிறது என்று சொல்வதுதான் டர்ன்ஓவர் ஸ்லைடுகள், அவற்றை நீ "இத்தனை முறை" என்று மட்டும் போட்டு விட்டுவிட்டாய். நாளாக மாற்று, உடனே புரியும். அடக்கம் 560-ஐச் சரக்கு 140-ஆல் வகுத்தால் 4 முறை, அதாவது வாங்கின தோல் அப்பராகி வெளியே போக 91 நாள். விற்பனை 730, நாளைக்கு 2 லட்சம், பாக்கி 130, ஆக வசூலாக 65 நாள். வருஷத்துக் கடன் கொள்முதல் 420 என்று வைத்தால் நாம் கொடுக்க எடுப்பது 61 நாள். 91-ம் 65-ம் கூட்டி 61-ஐக் கழி, 95 நாள். தோலுக்குக் காசு கொடுத்த நாளிலிருந்து அந்தக் காசு திரும்ப வரும் நாள் வரை மூன்று மாசத்துக்கு மேல் ஆகிறது, அந்த மூன்று மாசமும் கூலி, கரண்ட் பில், வாடகை எல்லாம் யார் பணத்தில் ஓடும்? சிசி 90 எதற்கு என்பது இப்போது தெரிகிறதா? (பரீட்சையில் ஆரம்ப இருப்பும் கடைசி இருப்பும் கொடுத்திருந்தால் சராசரியைப் போடு, நான் சுலபமாக இருக்கட்டும் என்று கடைசி எண்ணை எடுத்தேன்.)

மேலே சொன்ன ஆர்டர் ரத்து கதையில் இதே எண் என்ன ஆகும் பார். 560-ஐ 200-ஆல் வகுத்தால் 2.8 முறை, 130 நாள். கரண்ட் ரேஷியோ "நல்லா இருக்கேன்" என்று சொன்னபோது ஸ்டாக் டர்ன்ஓவர் உண்மையைச் சொல்லிவிட்டது. செமினாரில் இந்த இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

வசூல் நாள் 65-லிருந்து 95-க்குப் போனால் என்ன அர்த்தம்? வாங்குபவருக்குப் பண நெருக்கடி இருக்கலாம், தரத்தில் தகராறு வந்து பில் நிற்கலாம், விற்பனையைக் கூட்டிக்காட்ட கண்டவருக்கும் கடன் கொடுத்திருக்கலாம். மூன்றும் வேறு வேறு நோய். மாசா மாசம் பேங்குக்குக் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் 90 நாளுக்கு மேல் போன பாக்கியைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதனால் வசூல் தள்ளிப்போனால் சிசியில் எடுக்கக்கூடிய பணமும் குறையும். சரியாகப் பணம் வேண்டிய நேரத்தில்.

கொடுக்க எடுக்கும் 61 நாளையும் "நல்லது, அடுத்தவர் பணத்தில் ஓட்டுகிறோம்" என்று எழுதிவிடாதே. தோல் கொடுப்பவர் சிறு நிறுவனமாக இருந்தால் சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ன் எம்எஸ்எம்இடி சட்டப்படி 45 நாளுக்கு மேல் தள்ளக்கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். 2023-24 நிதியாண்டு முதல் அப்படித் தள்ளி நின்ற பாக்கியை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாக எடுக்க முடியும் என்று வருமான வரியிலும் விதி வந்துவிட்டது. இது எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் மார்ச் மாசம் எல்லா கிளையண்டிடமும் கேட்கிற கேள்வி.

அடுத்து கடன் ஸ்லைடு. டெட் ஈக்விட்டி, டெர்ம் லோன் 100-ஐச் சொந்தப் பணம் 200-ஆல் வகுத்தால் 0.5, ரொம்பப் பாதுகாப்பு என்று போட்டிருப்பாய். சிசி 90-ஐயும் சேர், 190-க்கு 200, 0.95. சிசி பெயருக்குத்தான் நடப்புக் கடன், வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே போவதால் அது அங்கேயே நிற்கிற கடன். பேங்க் மேனேஜர் இன்னும் ஒரு படி போய் வெளியாட்களுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தத்தையும், 260-ஐ, சொந்தப் பணத்தோடு வைத்துப் பார்ப்பார், 1.3. மூன்றும் ஒரே யூனிட்தான், எதைக் கடன் என்று எடுத்தாய் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அர்த்தமில்லை.

கடன் அளவு இருக்கட்டும், தாங்க முடியுமா என்பதைச் சொல்வது வட்டி கவரேஜ். வட்டிக்கும் வரிக்கும் முன் லாபம் 60, வட்டி 20, மூன்று மடங்கு. வசதியாகத் தெரிகிறது. ஆனால் தோல் விலை ஏறி, அதை வாங்குபவர் மேல் ஏற்ற முடியாமல், விற்பனையில் அடக்கம் போக மிஞ்சுகிற மொத்த லாபம் 23 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கினால்? 730-ல் மூன்று சதவீதம் கிட்டத்தட்ட 22 லட்சம், 60 லட்சம் 38 ஆகும், கவரேஜ் 1.9. மூன்று புள்ளி மார்ஜினில் பாதுகாப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. எனக்கு இந்த ஸ்லைடுகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது நேராக அந்த முதலாளியின் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறது.

லாப ஸ்லைடுகளில் வரிசையாகக் கீழே இறங்கு. மொத்த லாபம் 170, 23 சதவீதம். இது இறங்கினால் பிரச்சினை விலையிலோ தோலிலோ வெட்டும்போது வீணாவதிலோ. மொத்த லாபம் அப்படியே இருந்து வட்டிக்கு முந்தைய லாபம் (8.2) இறங்கினால் சம்பளம், கரண்ட், ஆபீஸ் செலவு. அதுவும் நின்று நிகர லாபம் (4.1) மட்டும் இறங்கினால் வட்டி அல்லது வரி. எந்தப் படியில் வழுக்கியது என்று பார்த்தால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 4.1 குறைவு என்று தனியாகச் சொல்லாதே, லாங் பஜார் மளிகை மொத்த வியாபாரி அதைவிடக் குறைந்த மார்ஜினில் நன்றாகச் சம்பாதிக்க முடியும், அவர் சரக்கு வாரக்கணக்கில் புரள்கிறது.

அதைத்தான் ட்யூபாண்ட் ஸ்லைடு காட்டுகிறது, நீ அதைக் கடைசியில் சின்னதாக வைத்திருக்கிறாய், பெரிதாக்கு. சொந்தப் பணத்தின் மேல் வருமானம் 30-க்கு 200, 15 சதவீதம். அதைப் பிரித்தால் மார்ஜின் 4.1 சதவீதம், சொத்து 1.59 முறை புரள்கிறது, சொந்தப் பணத்தைப் போல் 2.3 மடங்கு சொத்து. மூன்றையும் பெருக்கினால் 15. நாளைக்கு இது 18 ஆனால் சந்தோஷப்படும் முன் மூன்றில் எது ஏறியது என்று பார். மார்ஜினோ புரள்வதோ ஏறினால் உழைப்பு, 2.3 மட்டும் 2.8 ஆனால் அது வெறும் கூடுதல் கடன். ஆர்ஓசிஇ, அதாவது சொந்தப் பணமும் டெர்ம் லோனும் சேர்ந்த முதலீட்டின் மேல் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய வருமானம், 60-க்கு 300, 20 சதவீதம். பேங்க் வட்டி சுமார் 10 சதவீதம் என்றால் கடன் வாங்கித் தொழில் செய்வதில் இன்னும் அர்த்தம் இருக்கிறது, இது வட்டிக்குக் கீழே போனால் பெரிதாக்குவதே நஷ்டம்.

இபிஎஸ், பி/இ, டிவிடெண்ட் ஸ்லைடுகளை ஒரு நிமிஷத்தில் முடி. பங்குச் சந்தையில் இல்லாத இந்த யூனிட்டுக்குச் சந்தை விலையே கிடையாது, பி/இ போட முடியாது என்று சொல்லிவிடு.

எல்லா ஸ்லைடிலும் "ஐடியல்" வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று வருஷத்து எண்ணுக்கு ஒரு கட்டம் போடு, ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு ஏறுமுகமா இறங்குமுகமா சொல்ல முடியாது. திருத்தினதை ஞாயிறு மதியத்துக்குள் அனுப்பு, சாயங்காலம் கால் பண்ணு. ட்யூபாண்ட் ஸ்லைடை மட்டும் பேப்பர் பார்க்காமல் எனக்குச் சொல்லிக்காட்டு.