பாட்டி வீட்டில் முதல் ராத்திரி

(படித்துக் காட்ட)

அம்மா, இதைப் பல் தேய்த்த பிறகு அவளுக்குப் படித்துக் காட்டு. குரல் பதிவை விளக்கை அணைத்த பிறகு போடு. அழுதால் எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

குட்டிம்மா,

இன்றைக்கு நீ பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடுவில் படுக்கப் போகிறாய். குண்டு யானையும் கூட வந்திருக்கிறது, பையின் அடியில் இருக்கும், எடுத்துக்கொள். அதற்கு இந்த வீடு புதிது. பாத்ரூம் எங்கே, சுவிட்ச் எங்கே என்று நீதான் காட்ட வேண்டும். ராத்திரி முழுக்க பாத்ரூம் விளக்கு எரியும், பாட்டியிடம் சொல்லிவிட்டேன்.

நாளைக்கு நீ எழுந்திருப்பாய், விளையாடுவாய், மதியம் சாப்பிடுவாய். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அம்மாவும் அப்பாவும் வந்துவிடுவோம்.

முத்தம்,
அம்மா


(குரல் பதிவு)

குட்டிம்மா, அம்மா பேசுகிறேன். படுத்துவிட்டாயா? யானையும் படுத்துவிட்டதா? சரி, அதன் காதையும் கொஞ்சம் போர்வைக்குள்ளே விடு.

இப்போது கேட்டுப் பார். டிக், டிக் என்று ஒரு சத்தம் வருகிறதா? அது சுவரில் இருக்கிற கடிகாரம். பகலிலும் அப்படித்தான் அடிக்கும், நாம் எல்லாரும் பேசுவதில் கேட்காது. அப்புறம் கொர்ர்ர் என்று ஒன்று வந்தால் பயப்படாதே, அது தாத்தா. சும்மா ஒரு தட்டுத் தட்டு, திரும்பிப் படுத்துக்கொள்வார்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? காட்டில் பெரிய யானைகள் நின்றுகொண்டே கூடத் தூங்கும். குட்டி யானை நன்றாகக் கால் நீட்டிப் படுத்துத் தூங்கும். சுற்றிலும் பெரிய யானைகள் காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்துக்கே யார் தலைவி தெரியுமா? வயதான பாட்டி யானை! எந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது, எந்த வழியில் போக வேண்டும், எல்லாம் அதற்குத்தான் தெரியும். உன் பாட்டியும் அப்படித்தான். நான் குட்டியாக இருந்தபோது ராத்திரி 'அம்மா' என்று சின்னக் குரலில் கூப்பிட்டாலே எழுந்துவிடுவாள். நீ 'பாட்டி' என்று கூப்பிட்டுப் பார், உடனே கேட்கும்.

அம்மா ஞாபகம் வந்து அழுகை வந்தால் அழலாம், தப்பே இல்லை. பாட்டி கட்டிக்கொள்வாள். இந்தப் பதிவை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேள். நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம், சாப்பிட்டுவிட்டோம், தூங்கப் போகிறோம்.

இரு, அப்பா பேசணுமாம்.

தங்கம், அப்பா பேசுகிறேன். தினமும் பண்ணுவோமே, அதைப் பண்ணலாமா? மூக்கால் மெதுவாக மூச்சு இழு... வாயால் விடு... ஃபூ. இன்னொரு தடவை... ஃபூ. யானைக்கும் சொல்லிக்கொடு. அவ்வளவுதான்.

நாளைக்கு மதியம் வருகிறோம். இந்தக் கன்னத்துக்கு ஒரு முத்தம், அந்தக் கன்னத்துக்கு ஒன்று, யானைக்கு ஒன்று. குட் நைட், குட்டிம்மா.