லயத்திலிருந்து தாமானுக்கு: ஆறு நேர்காணல்களின் கருப்பொருள் பகுப்பாய்வு

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், இன்னும் பலர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், தோட்டம் மூடப்பட்டபின் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை விட்டு, தாமான் என்ற குடியிருப்பின் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த ஆறு பேரிடம் பேசினேன். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். வயது 59 முதல் 81 வரை. கேட்ட கேள்வி ஒன்றுதான்: லயத்தை விட்டு வந்த கதையைச் சொல்லுங்கள்.

பகுப்பாய்வுக்கு ஆய்வாளர்கள் பிரவுனும் கிளார்க்கும் 2006இல் விவரித்த ஆறு படிகளை எடுத்துக்கொண்டேன்: படித்துப் பழகுவது, பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் சிறு பெயராகக் குறியீடு இடுவது, கருப்பொருள் தேடுவது, சரிபார்ப்பது, பெயர் வைப்பது, எழுதுவது. படிகள் வரிசையாக நடக்கவில்லை. நான்காவதிலிருந்து இரண்டாவதற்கு மூன்று முறை திரும்பினேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பாட்டி தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். லயத்தைப் பற்றி ஏக்கமாக யாராவது பேசினால் எனக்குப் பிடிக்கும். இரண்டாம் நேர்காணலில் “ஆமாம் பாட்டி, அந்தக் காலமே வேற” என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒலிப்பதிவில் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அதற்கு வந்த பதிலைக் குறியீட்டில் சேர்க்கவில்லை. என் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த சொல் அது.

எழுத்துப்படியில் பேச்சை அப்படியே வைத்தேன். ‘தாமான்’, ‘லோரி’, வாக்கிய முடிவில் வரும் ‘லா’ எதையும் திருத்தவில்லை. அதன் பயன் பிறகு தெரிந்தது.

கதவு

நேர்காணல் 2 (பெண், 67):

“லயத்துல கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கும். பூட்டு எங்க இருந்துச்சு? பக்கத்து வீட்டுக்கு யாரு வந்தாலும் நமக்குத் தெரியும். இங்க பாரு, கிரில்லு, அதுக்கு மேல ஒரு பூட்டு. எதிர் வீட்டுல யாரு இருக்கான்னே தெரியல.”

முதல் சுற்றில் நான் இட்ட குறியீடு ‘பாதுகாப்பு’. கதவு, பூட்டு என்றதும் கை தானாக எழுதிவிட்டது. அப்புறம் ஐந்தாம் நேர்காணல் வந்தது (பெண், 59):

“அங்க நான் லேட்டா எந்திரிச்சா அஞ்சாவது வீட்டுக்குத் தெரியும். என்ன கறி ஆக்கினேன்னு தெரியும். எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தா மறுநாள் பெரட்டுல அதான் பேச்சு. இங்க வந்த பொறவுதான் நிம்மதியா உக்காந்தேன்லா.”

இதற்கு ‘தனிமையின் நிம்மதி’ என்று குறியிட்டு, இரண்டையும் எதிரெதிர்க் கட்டங்களில் வைத்திருந்தேன். ஒருவர் லயத்தை விரும்புகிறார், மற்றவர் தாமானை. ஒரு வாரம் கழித்துப் படித்தபோது இருவரும் ஒரே வினையைச் சொல்வது கண்ணில் பட்டது: ‘தெரியும்’. முதலாமவருக்கு, பிறரைப் பற்றித் தெரியாமல் போனது வருத்தம்; மற்றவருக்கு, தன்னைப் பற்றிப் பிறருக்குத் தெரியாமல் போனது விடுதலை. பேசுவது ஒரே விஷயத்தைத்தான். இரண்டு குறியீடுகளையும் அழித்துவிட்டு ‘எல்லாருக்கும் தெரியும்’ என்ற ஒன்றை இட்டேன். அந்தக் கண்ணோடு மற்ற நான்கு எழுத்துப்படிகளையும் மறுபடி படித்ததில் மேலும் ஒன்பது இடங்கள் சேர்ந்தன. அதில் ஒன்று நான் முன்பு ‘வேலை’ என்று ஒதுக்கியது: “பால் எடுத்துட்டு நேரத்துக்கு ஸ்டோருக்கு வரலைன்னா, யாராவது மரத்துப் பக்கம் தேடி வந்துருவாங்க.”

கைவிட்டவை

‘ஏக்கம்’ என்ற குறியீடு முதல் சுற்றில் அதிக இடங்களில் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. எந்த வரியிலும் ஒட்டும் சொல் எந்த வரியையும் விளக்காது. ஒவ்வொரு இடத்திலும் ‘எதற்கு ஏக்கம்?’ என்று கேட்டுப் பிரித்தபோது குறியீடே கரைந்துபோனது.

‘திருவிழா’வும் போயிற்று. ஆறு பேரும் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றிப் பேசினார்கள். அதை ஒரு கருப்பொருளாக்கி நிறைய எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் எல்லாரும் ஒரு தலைப்பைப் பற்றிப் பேசினார்கள் என்பதால் மட்டும் அது கருப்பொருளாகாது. அவற்றைக் கோக்கும் பொருள் ஒன்று வேண்டும். கோயில் பேச்சில் அது இல்லை. ஒருவர் செலவைச் சொன்னார், ஒருவர் உறவினரைப் பார்ப்பதை, ஒருவர் செம்பனை நடுவில் கோயில் மட்டும் தனியாக நிற்பதை. எழுதியதைத் தூக்கிப் போட மனம் வராமல் நான்கு நாள் வைத்திருந்தேன்.

‘ஆங்க’

நேர்காணல் 4 (ஆண், 72, முன்னாள் லோரி ஓட்டுநர்):

“மூட்டை கட்டச் சொன்னாங்க, கட்டினோம். லோரியில ஏத்தினாங்க. இங்க கொண்டாந்து எறக்கிட்டுப் போய்ட்டாங்க.”

யார் சொன்னார்கள், யார் ஏற்றினார்கள்? மேலோட்டமான குறியீடு ‘இடம்பெயர்ந்த நாள்’. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுவாய் இல்லாதது உறுத்தியது. தமிழில் எழுவாயை விட்டுப் பேசுவது சாதாரணம்தானே, அதற்கு அர்த்தம் கற்பிக்கிறேனா என்று எனக்கே தயக்கம். அதனால் அவர் மற்ற விஷயங்களைச் சொல்லும் இடங்களைப் பார்த்தேன். “மண்டோர் திட்டினாரு”, “கெராணி சம்பளத்தைக் கொறைச்சிட்டாரு”. அங்கெல்லாம் ஆள் இருக்கிறது. வீட்டை விட்டு வந்ததில் மட்டும் வெறும் ‘ஆங்க’. மற்ற ஐந்து பேரிலும் நால்வரிடம் இதே நிலை: “மாத்திட்டாங்க”, “குடுத்தாங்க”, “மூடிட்டாங்க”. பேச்சைத் திருத்தி எழுதியிருந்தால் ‘நிர்வாகம் மாற்றியது’ என்று நானே எழுவாயைப் போட்டிருப்பேன்.

என் தோழி ஒருத்தி இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, இது பயம் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயம் இருந்தால் குரல் தாழும். இவர்கள் சத்தமாகவே சொன்னார்கள். முடிவு எடுத்தவரை அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை என்பதுதான் என் வாசிப்பு. நாங்கள் இருவரும் எத்தனை இடத்தில் ஒத்துப்போனோம் என்று விழுக்காடு கணக்கிடவில்லை. இந்த வகைப் பகுப்பாய்வில் வாதம்தான் பயன், எண் அல்ல.

முடிவான கருப்பொருள்கள்

*எல்லாருக்கும் தெரியும்.* லயத்து வாழ்க்கை என்பது பிறர் கண்ணில் பட்டு வாழ்வது. அந்தக் கண் காவலும் காத்தது, வேவும் பார்த்தது. தாமானில் இரண்டும் ஒன்றாகப் போயின. பெண்கள் நால்வரும் இரண்டு பக்கத்தையும் சொன்னார்கள். ஆண்கள் காவலை மட்டும்.

*ஆள் இல்லாத வினை.* குடிபெயர்வை யாரோ செய்தார்கள். செய்தவருக்கு முகம் இல்லை. அதனால் கோபத்துக்கும் போய்ச் சேர இடமில்லை.

*நான் வச்ச மரம்.* நேர்காணல் 1 (ஆண், 74): “கம்பெனி வீடுதான். வேலை நின்னா சாவியக் குடுக்கணும், தெரியும். ஆனா வாசல்ல இருந்த மாமரம் நான் வச்சது. இந்தத் தாமான் வீடு என் பேர்ல இருக்கு. வாசல்ல சிமெண்டு.” சட்டப்படி சொந்தமில்லாத இடத்தில் உரிமை உணர்வும், சொந்தமான இடத்தில் அந்நிய உணர்வும். இதை முதலில் ‘சொந்தம் / சொந்தமின்மை’ என்று பெயரிட்டிருந்தேன். அவர் சொல்லே பொருளைச் சரியாகப் பிடித்ததால் அதையே வைத்தேன்.

ஆறாம் நேர்காணலின் ஒரு பகுதி மூன்றிலும் அடங்கவில்லை. 81 வயதுப் பாட்டி சொன்னார்: “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அங்கயும் நாலு மணிக்கு எந்திரிச்சேன், இங்கயும் எந்திரிக்கிறேன்.” வீட்டைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தைப் பற்றிப் பேசினார். இழுத்து எதிலாவது பொருத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், குறியீடு ஏதும் இடாத வரியாகவே விட்டிருக்கிறேன்.