உணவு வழங்கல் முகாமைத்துவம்: வினா 4, மாதிரி விடையும் புள்ளியிடற் குறிப்பும்

நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் 120 பேருக்கு மதிய உணவு. கந்தப்பளையிலிருந்து கிலோ ரூபா 300 வீதம் வந்த லீக்ஸில் 10 கிலோவைச் சோதித்தனர். வேர், மண், முற்றிய இலை 2.5 கிலோ கழிவு. கரும்பச்சை இலை 1.5 கிலோ சூப் ஸ்டொக்குக்குப் போனது. அதன் பெறுமதி கிலோவுக்கு ரூபா 100. மிகுதி கறிக்கு. ஒரு பரிமாறலுக்கு, சமைக்கும் முன் 80 கிராம்.

(அ) விளைவு வீதம், உண்ணத்தகு பகுதியின் கிலோ விலை. (6)
(ஆ) வாங்கவேண்டிய அளவு, ஒரு பரிமாறலின் செலவு. (5)
(இ) சுத்தம் செய்த லீக்ஸை இன்னொருவர் கிலோ ரூபா 420க்குத் தருகிறார். விளைவு 90%, மிச்சத்துக்குப் பெறுமதி இல்லை. யாரிடம் வாங்குவீர்? (4)
(ஈ) பரிமாறுபவர் 100 கிராம் வைத்தால் என்ன ஆகும்? அதை எப்படித் தடுப்பீர்? (5)

விடை

(அ) 10 − 2.5 − 1.5 = 6 கிலோ. விளைவு 6 ÷ 10 × 100 = 60%. செலவு ரூபா 3000. அதில் இலையின் ரூபா 150 கழிய 2850. 2850 ÷ 6 = ரூபா 475. இலையைக் கழிக்காமல் 500 என எழுதினால் 2 புள்ளி குறையும். ஆனால் அந்தச் சமையலறையில் ஸ்டொக் காய்ச்சுவதே இல்லை என்று காரணம் காட்டி 500 எழுதினால் முழுப் புள்ளி. குப்பைக்குப் போகும் இலைக்கு ஏது விலை?

(ஆ) 120 × 80 கிராம் = 9.6 கிலோ. 9.6 ÷ 0.60 = 16 கிலோ வாங்க வேண்டும். 9.6 கிலோவுடன் 40% கூட்டி 13.44 என்று எழுதுவோர் ஆண்டுதோறும் உண்டு. அது தவறு, வகுக்கத்தான் வேண்டும். பரிமாறல் செலவு 0.08 × 475 = ரூபா 38. சமைத்த பின் 80 கிராம் என்று கேட்டிருந்தால் வேறு கதை: லீக்ஸ் வாணலியில் வாடிச் சுருங்கும், அந்த இழப்புக்குத் தனிச் சோதனை வேண்டும்.

(இ) 420 ÷ 0.90 = ரூபா 466.67. பார்வைக்கு விலை கூடியது, உண்மையில் மலிவு. 9.6 கிலோவுக்கு ரூபா 4480, முன்னையது 4560. இலாபம் வெறும் 80 ரூபாதான். துப்புரவாக்கும் ஆளின் நேரமும் மிச்சமாகும் என்று எழுதுபவருக்கு ஒரு புள்ளி. வெட்டிய லீக்ஸ் சீக்கிரம் வாடும் என்று எதிர்த்து வாதிட்டாலும் அதே புள்ளி.

(ஈ) தட்டுக்கு ரூபா 47.50, 9.50 கூடுகிறது, 120 பேருக்கு ரூபா 1140. அதைவிடப் பெரிய வில்லங்கம், ஆயத்தம் செய்த 9.6 கிலோ 96 பேருடன் தீர்ந்துவிடும். 24 பேர் வெறும் சட்டியைப் பார்ப்பார்கள். தடுக்கும் வழிகளாக, அளவுக் கரண்டி, முதல் தட்டைத் தராசில் நிறுத்துக் காட்டுதல், நியமச் செய்முறை அட்டை ஆகியவற்றில் இரண்டைச் சொன்னால் போதும். ‘ஊழியருக்கு அறிவுரை கூற வேண்டும்’ என்பதற்குப் புள்ளி இல்லை.