பல்பு வீடியோ: அண்ணனுக்காக மாற்றி எழுதிய ஸ்கிரிப்ட்

அண்ணா, நேற்று எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கேமராவைப் பார்த்து நீங்கள் பயப்படவே இல்லை, ஒவ்வொரு டேக்கிலும் இந்த ஒரே வாக்கியத்தில்தான் சிக்கிக்கொண்டீர்கள்:

"குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் வழங்கக்கூடிய எல்இடி பல்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது வாட் அளவை மட்டுமல்லாமல் பெட்டியில் குறிப்பிடப்பட்டுள்ள லூமன் அளவையும் கவனத்தில் கொள்ள வேண்டும்."

இதை யார் படித்தாலும் மூச்சு வாங்கும், வினை வந்து சேர்வதற்குள் தொடக்கமே மறந்துவிடும். அதனால் நீங்கள் கல்லாவில் நின்று பேசுகிற மாதிரியே உடைத்து எழுதியிருக்கிறேன். ஒரு வரி முடிந்ததும் நிதானமாக மூச்சு விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். அடைப்புக்குள் இருப்பது கைக்கு, வாய்க்கு இல்லை.

(பல்பு பெட்டி கையில்)

வணக்கங்க.

பல்பு வாங்க வர்றவங்க முதல்ல கேக்கறது, "எத்தனை வாட்?"

வாட்டுங்கறது கரண்ட் கணக்கு.

பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு அது சொல்லும்.

வெளிச்சத்துக்குக் கணக்கு வேற. அது லூமன்.

(பெட்டியைத் திருப்பி, விரலை வைத்து)

இதோ பாருங்க. 800 லூமன்.

பழைய குண்டு பல்பு 60 வாட்ல குடுத்த வெளிச்சம், கிட்டத்தட்ட இதுதான்.

இந்த எல்இடிக்கு 9 வாட் போதும்.

(பெட்டியைக் கீழே வைத்துவிட்டு)

அப்புறம், நிறம்.

(இன்னொரு பெட்டி, எண்ணைக் காட்டி)

2700, 3000னு போட்டிருந்தா மஞ்சள் வெளிச்சம்.

6500னா பளிச்சுனு வெள்ளை.

படுக்கற ரூமுக்கு மஞ்சள் நல்லது.

வேலை செய்யற இடத்துக்கு வெள்ளை.

சந்தேகமா இருந்தா, ரெண்டையும் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்க.

நாங்க காட்டறோம்.

அவ்வளவுதான். கெல்வின் என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன், பெட்டியில் எண்ணுக்குப் பக்கத்திலேயே K என்று இருக்கிறது, அதன் மேல் விரல் வைத்தால் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். "குறிப்பிடப்பட்டுள்ள", "கவனத்தில் கொள்ள" இரண்டும் போயாச்சு, அவற்றை நீங்கள் கடையில் ஒருநாளும் சொல்வதில்லை. சொல்லும்போது வாயில் வேறு வார்த்தை வந்தால் அதையே சொல்லுங்கள், எண்கள் மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டாம். பெட்டியைக் காட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் கேமராவை நிறுத்தி அதைக் கிட்டத்தில் தனியாக எடுத்துக்கொள்வோம், அந்த இடைவெளியில் அடுத்த வரிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நடுவில் தடுக்கினால் முதலிலிருந்து வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி சொன்னால் வெட்டி ஒட்டிவிடுவேன். இன்று ராத்திரி கடை மூடியதும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வரியிலாவது நாக்கு சுற்றினால் அந்த வரிக்குப் பேனாவால் கோடு போட்டு போட்டோ அனுப்புங்கள், காலைக்குள் மாற்றித் தருகிறேன்.