கட்டுரை மதிப்பீட்டுப் படிவம்: மதிப்பீட்டாளர் 2

கட்டுரை எண்: 2025-047
தலைப்பு: வளரிளம் பெண்களின் ரத்தசோகையில் முருங்கை இலைப்பொடியின் விளைவு: நான்கு அரசுப் பள்ளிகளில் 12 வார ஆய்வு
அளவுகோல்: 1 (மிகக் குறைவு) முதல் 5 (மிக நன்று) வரை
பரிந்துரை: பெரும் திருத்தத்துக்குப் பின் மறுமதிப்பீடு

கேள்வியின் முக்கியத்துவம்: 5
வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை பள்ளிகளில் கொடுக்கப்பட்டும் ரத்தசோகை குறையாத நிலையில், வீட்டு முற்றத்தில் கிடைக்கும் கீரை உதவுமா என்று கேட்பது மிகவும் தேவையான கேள்வி. அதற்கு நல்ல விடை கிடைக்க வேண்டும் என்பதால்தான் கீழே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆய்வு முறை: 2
இரண்டு பள்ளிகளில் தினமும் 10 கிராம் பொடி கொடுத்திருக்கிறீர்கள், மற்ற இரண்டில் கொடுக்கவில்லை. எந்தப் பள்ளிக்கு எது என்பதை யார், எப்படி முடிவு செய்தார்கள்? கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தலைமை ஆசிரியர் ஆர்வம் காட்டிய பள்ளிகள்தான் பொடி பெற்றன என்றால், அந்த ஆர்வமே மதிய உணவையும் மாத்திரை விழுங்குவதையும் மாற்றியிருக்கும்.

பெரிய சிக்கல் மாணவிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது. விரல் நுனியில் ஒரே ஒரு முறை குத்திப் பார்த்து, ஹீமோகுளோபின் 12 கிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்தவர்களைச் சேர்த்தீர்கள். அதே அளவே தொடக்க அளவாகவும் ஆனது. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைந்து தெரியும். அன்று அப்படித் தற்செயலாகக் குறைந்தவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். அவர்களுக்கு எதுவுமே கொடுக்காவிட்டாலும் அடுத்த அளவு சற்று உயரும். ஒப்பீட்டுக் குழுவிலும் 0.3 உயர்ந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தேர்வுக்கு ஒரு அளவு, தொடக்கத்துக்கு வேறொரு நாளில் சிரை ரத்தத்தில் இன்னொரு அளவு என்று பிரித்திருக்க வேண்டும்.

பொடி வழங்கியவரே 12-ஆம் வாரத்தில் அளவும் எடுத்ததாக முறையியல் பகுதியில் இருக்கிறது. இதைக் குறைபாடுகள் பகுதியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தேசிய குடற்புழு நீக்க நாளான பிப்ரவரி 10 உங்கள் ஆய்வுக் காலத்துக்குள் வருகிறது. அல்பென்டசோல் நான்கு பள்ளிகளிலும் கொடுக்கப்பட்டதா?

புள்ளியியல்: 2
பொடிக் குழுவில் (58 பேர்) 0.7 உயர்வு, பி மதிப்பு 0.001-க்குக் கீழ். ஒப்பீட்டுக் குழுவில் (56 பேர்) 0.3 உயர்வு, பி மதிப்பு 0.14. ஒன்று முக்கியத்துவம் உடையது, மற்றது இல்லை, ஆகவே பொடி வேலை செய்கிறது என்கிறீர்கள். இந்த வாதம் நிற்காது. இரண்டு குழுக்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டாக வேண்டும். நீங்கள் கொடுத்த திட்ட விலக்கத்தை (1.5) வைத்து நானே போட்டுப் பார்த்தேன்:

```
0.7 − 0.3 = 0.4
√(1.5²/58 + 1.5²/56) = 0.28
0.4 ± 1.98 × 0.28 → −0.15 … 0.95
```

பூஜ்ஜியம் இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. இதிலும் ஒரே பள்ளி மாணவிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளிக்கு ஏறத்தாழ 29 பேர், ஒத்திசைவுக் கெழு 0.05 என்று வைத்துக்கொண்டால் 1 + 28 × 0.05 = 2.4. அதாவது 114 பேரின் தகவல் சுமார் 48 பேருக்குத்தான் சமம், இடைவெளி இன்னும் அகலும். நான்கே பள்ளிகள் என்பதால் எந்த மென்பொருளும் இதை முழுதாகச் சரிசெய்யாது.

தொடக்க அளவும் சமமாக இல்லை (10.4, 10.9). அதைக் கணக்கில் எடுக்கும் பகுப்பாய்வு தேவை. சேர்ந்த 144 பேரில் 30 பேர் எப்படி விலகினார்கள் என்பதைக் குழுவாரியாகக் காட்டுங்கள். பொடியின் கசப்பு பிடிக்காமல் விலகியிருந்தால் அதுவும் ஒரு முடிவுதான்.

சான்றுக்கு ஏற்ற கூற்றா: 1
"முருங்கைப் பொடி ரத்தசோகையைக் குணப்படுத்துகிறது, சத்துணவில் உடனே சேர்க்க வேண்டும்" என்ற முடிவுரை வரியை நீக்குங்கள். ஃபெரிட்டின் பார்க்கவில்லை, அதனால் இரும்புக் குறைபாடு இருந்ததா என்பதே தெரியாது. பொடியின் இரும்பு அளவும் ஆய்வகத்தில் அளக்கப்படவில்லை. கீரையின் இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும் என்பது பற்றியும் பேச்சே இல்லை. "இன்னும் பெரிய, பள்ளிவாரியாகக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுக்கு அடிப்படை தருகிறது" என்று எழுதினால் சரி.

அறநெறி: 3
பெற்றோர் ஒப்புதல் உள்ளது. மாணவிகளின் சொந்தச் சம்மதம் வாங்கப்பட்டதா என்று எழுதவும். கடுமையான ரத்தசோகை தெரிந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினீர்களா என்பதும் வேண்டும்.

நடை: 4
தெளிவு. அட்டவணை 3-இல் அலகு விடுபட்டுள்ளது.

இதழாசிரியருக்கு மட்டும்: களப்பணி நேர்மையாகவே நடந்திருக்கிறது, வருகைப் பதிவு இணைப்பே அதற்குச் சான்று. நிராகரிக்க வேண்டாம். மாணவிகளின் பெயர் நீக்கிய மூலத் தரவைத் திருத்தப் பிரதியுடன் கேட்டு வாங்குங்கள், பகுப்பாய்வை நானும் ஓட்டிப் பார்க்கிறேன். ஊட்டச்சத்து வேதியியல் என் துறை இல்லை, அதற்கு இன்னொரு மதிப்பீட்டாளர் தேவை.