தரம் 8 கணிதம்: நிகழ்தகவுச் செயற்பாடு – எதிர்பார்த்தது எத்தனை, வந்தது எத்தனை?

பிள்ளைகளே, வரும் செவ்வாய்க்கிழமை அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகளையும் இதற்கே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 36 பேர். மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு, மொத்தம் 12 குழுக்கள். ஒருவர் எறிவார், ஒருவர் பார்த்துச் சொல்வார், ஒருவர் வரவுக்குறி இடுவார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குழுவும் கொண்டுவர வேண்டியவை: ஒரு ரூபா நாணயம் ஒன்று, தாயக்கட்டை இரண்டு, தேங்காய்ச் சிரட்டை ஒன்று, சோகி ஒன்று, விரிக்க ஒரு சின்னப் பாய். சீமெந்து நிலத்தில் நாணயம் உருண்டு மேசைக்கடியில் போய்விடும். தேடவே நேரம் சரியாகிவிடும். சீட்டுக்கட்டு நான் தருவேன். காசு வைத்து ஆட அல்ல, எண்ணிப் பார்க்கத்தான் சீட்டு என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

தொடங்க முதல் ஒரு விதி. எதிர்பார்க்கும் எண்ணிக்கையைப் பேனையால் முதலில் எழுதுங்கள்; பிறகுதான் எறியலாம். வந்த முடிவு அதோடு ஒத்துவராவிட்டால் ஒரு குறியைக்கூட அழிக்கவோ கூட்டவோ வேண்டாம். ஒத்துவராததும் ஒரு முடிவுதான். இந்தப் பாடத்தில் நான் புள்ளி போடுவது நேர்மையான பதிவுக்கு.

பகுதி 1: நாணயம்

அரச இலச்சினை உள்ள பக்கத்தைத் தலை என்றும், பெறுமதி எழுதிய பக்கத்தைப் பூ என்றும் வைத்துக்கொள்வோம். கோடாத நாணயம் என்றால் தலை விழும் அறிமுறை நிகழ்தகவு 1/2. ஆகவே 50 தடவை சுண்டினால் 25 தலையை எதிர்பார்க்கலாம். சுண்டுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால் போதாது. த, பூ, பூ, த என்று விழுந்த ஒழுங்கிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

ஒழுங்கை ஏன் கேட்கிறேன் தெரியுமா? சுண்டாமல் மனத்தால் யோசித்து எழுதுபவர்கள் தலையையும் பூவையும் அடிக்கடி மாற்றி மாற்றி எழுதுவார்கள். ஒரே பக்கத்தை ஐந்து தரம் தொடர்ந்து எழுத அவர்களுக்குக் கை வராது. உண்மையாகச் சுண்டினாலோ 50 தடவைக்குள் ஒரே பக்கம் ஐந்து முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுவது பெரும்பாலும் நடக்கும். உங்கள் தாளில் மிக நீளமான தொடரை வட்டமிட்டுக் காட்டுங்கள்.

சரியாக 25 வராவிட்டால் கவலைப்படத் தேவையில்லை. 10 தடவை சுண்டினால் மிகச் சரியாக 5 தலை விழுவதற்கான நிகழ்தகவு 252/1024, ஏறக்குறைய கால்வாசிதான். 50 தடவையில் சரியாக 25 விழும் வாய்ப்பு அதிலும் குறைவு, ஏறத்தாழ 0.11.

பகுதி 2: ஒரு தாயக்கட்டை

சிரட்டையில் போட்டு நன்றாகக் குலுக்கிப் பாயில் கவிழுங்கள். 60 தடவை. ஒவ்வொரு எண்ணும் 1/6 × 60 = 10 தடவை வரும் என்பது எதிர்பார்ப்பு. பாயை விட்டு வெளியே ஓடிய எறியைக் கணக்கில் எடுக்க வேண்டாம், திரும்ப எறியுங்கள். எந்த எண் விழுந்து ஓடினாலும் இதே விதிதான்.

ஒரு குழுவுக்கு 1 முதல் 6 வரை முறையே 8, 13, 9, 7, 14, 9 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உடனே "சேர், எங்கட கட்டை பிழை, அஞ்சு கனக்க விழுது" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். 60 எறிகளில் ஆறு எண்களும் சரியாகப் பத்துப் பத்தாக வருவதுதான் அபூர்வம்: ஏறத்தாழ 13,000 குழுக்கள் எறிந்தால் ஒரு குழுவுக்குத்தான் அப்படி அமையும். ஆகவே எல்லாம் 10 என்று ஒரு தாள் வந்தால், அந்தக் குழுவை என் முன்னால் இன்னொரு 60 எறியச் சொல்வேன்.

இப்போது 12 குழுக்களின் முடிவுகளையும் கரும்பலகையில் கூட்டுவோம். மொத்தம் 720 எறி. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிர்பார்ப்பு 120. அதில் 5 என்ற எண் 129 தடவை வந்தால் என்ன சொல்வீர்கள்? தனிக் குழுவில் வித்தியாசம் 4, வகுப்பு முழுவதிலும் 9. கூடிவிட்டது போலத் தெரிகிறது. வெற்றிப் பின்னமாக எழுதிப் பாருங்கள்: 14/60 = 0.233, 129/720 = 0.179. அறிமுறை நிகழ்தகவு 0.167. எண்ணிக்கையில் இடைவெளி கூடினாலும் பின்னத்தில் குறைந்துவிட்டது. எறிகள் கூடக்கூட அறிமுறைப் பெறுமானத்தை நெருங்குவது இந்தப் பின்னம்தான். இன்றைய செயற்பாட்டில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இப்படிப் பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். பிரான்ஸைச் சேர்ந்த பூஃபோன் 4,040 தடவை சுண்டி 2,048 தலை பெற்றார். கார்ல் பியர்சன் 24,000 தடவையில் 12,012. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டென்மார்க்கில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஜோன் கெரிச் என்ற கணிதவியலாளர் அங்கேயே 10,000 தடவை சுண்டிய முடிவைப் பதிந்துவைத்தார்: 5,067 தலை. மூவருடைய வெற்றிப் பின்னத்தையும் நான்கு தசம தானங்களுக்கு நீங்களே காணுங்கள்.

பகுதி 3: இரண்டு தாயக்கட்டைகள்

இரண்டையும் ஒன்றாக 36 தடவை எறிந்து கூட்டுத்தொகையை எழுதுங்கள். 2 முதல் 12 வரை 11 விடைகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 1/11 என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கட்டையைச் சிவப்புப் பேனையால் அடையாளமிட்டு, 36 சோடிகளையும் நெய்யரியில் குறித்தால் 7 ஆறு பெட்டிகளிலும் 12 ஒரே பெட்டியிலும் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

பகுதி 4: சீட்டு

நம் ஊரில் 304 ஆடுவதைப் பார்க்காதவர் குறைவு. நாங்களும் அந்த 32 சீட்டுகளையே எடுப்போம்: நான்கு வகையிலும் 7 முதல் ஏஸ் வரை. ஜாக் நான்கு இருப்பதால் ஒரு சீட்டை எழுமாற்றாக எடுக்கும்போது அது ஜாக்காக இருக்கும் நிகழ்தகவு 4/32 = 1/8. 40 தடவை எடுத்தால் 5 ஜாக்குகளை எதிர்பார்க்கலாம்.

எடுத்த சீட்டைத் திரும்ப வைத்துக் கலைத்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். வைக்காவிட்டால் கணக்கே மாறும்: முதலில் ஜாக் வந்து வெளியே போனால் அடுத்ததற்கு 3/31, வேறு சீட்டு போனால் 4/31. திரும்ப வைத்தாலோ ஒவ்வொரு முறையும் அதே 1/8. "பத்துத் தரம் ஜாக் வரேல்லை, இனி வந்தே ஆகும்" என்று யாராவது சொன்னால் அவரிடமே கேளுங்கள்: சீட்டுக்கு முந்தியது ஞாபகம் இருக்குமா?

பகுதி 5: சோகி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தாயம் ஆடும்போது சோகி வாய் மேலாகவோ முதுகு மேலாகவோ விழும். இரண்டு விளைவுகள்தான், ஆனால் 1/2 என்று எழுத முடியாது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. இரண்டும் சமவாய்ப்புள்ளவை என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. பக்கங்களை எண்ணி விடை காண வழியில்லாத இடத்தில் பரிசோதனை மட்டுமே கைகொடுக்கும்.

ஒரே சோகியை 100 தடவை எறிந்து, வாய் மேலாக விழுந்த வெற்றிப் பின்னத்தைக் காணுங்கள். அடுத்த 100 எறிகளுக்கு அதையே எதிர்பார்ப்பாக எழுதிவிட்டு மீண்டும் எறியுங்கள். பக்கத்துக் குழுவின் சோகிக்கு வேறு விடை வந்தால் இரண்டு சோகிகளையும் அருகருகே வைத்துப் பருமனையும் வளைவையும் பாருங்கள், கையில் பாரத்தையும் உணருங்கள். பிறகு குழுக்களுக்குள் சோகியை மாற்றி இன்னொரு 50 எறியுங்கள். வித்தியாசம் சோகியோடு போகிறதா, எறிந்தவர் கையோடு நிற்கிறதா என்று எழுதுங்கள்.

வியாழக்கிழமை காலை தாள்களைத் தாருங்கள். வரவுக்குறி இட்ட மூலத் தாளையும் இணைக்க வேண்டும். அழகாகப் பிரதி எடுத்தது மட்டும் போதாது. கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.