சரக்கு விற்பனைச் சட்டம், 1930: மஞ்சள் மூட்டை வழக்கு, மாதிரி விடையுடன்

வினா

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி கந்தசாமி, தன் கிடங்கில் தனியாக அடுக்கியிருந்த 80 மூட்டை விரலி மஞ்சளை மசாலா ஆலை நடத்தும் ராஜேஸ்வரிக்கு குவிண்டால் ரூ.14,000 வீதம் விற்கப் பேசி முடிக்கிறார். எடை போட்டுத் தொகை கணக்கிடும் பொறுப்பு கந்தசாமியுடையது. ராஜேஸ்வரி இரண்டு மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து, ரூ.2,00,000 முன்பணம் தருகிறார். 50 மூட்டை எடை போட்டு (3,250 கிலோ, ரூ.4,55,000) அவருடைய லாரியில் ஏறிப் போகிறது. அன்றிரவு கிடங்கில் தீப்பிடித்து மீதி 30 மூட்டையும் எரிந்துபோகிறது. ராஜேஸ்வரி ஐந்து மூட்டையை அரைத்தபின், நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் பூசப்பட்டது ஆய்வகச் சோதனையில் தெரிகிறது. கந்தசாமி 80 மூட்டைக்கும் விலை கேட்கிறார். “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்கிறார். தீர்க்கவும்.

விடை

எரிந்த 30 மூட்டை: சரக்கு குறிப்பிட்டதுதான், ஆனால் ஒப்பந்தம் ஆனவுடனே சொத்துரிமை மாறும் என்ற பிரிவு 20 பொருந்தாது. விலையைக் கணக்கிட விற்பவர் எடை போட வேண்டியிருந்தால், அது முடிந்து வாங்குபவருக்குத் தெரியும்வரை சொத்துரிமை மாறாது (பிரிவு 22). வேறு எண்ணம் இருந்ததாகவும் வினா காட்டவில்லை. சொத்துரிமை யாரிடமோ நட்டமும் அவருக்கே (பிரிவு 26). ஆகவே அந்த 30-க்கு விலை கேட்க முடியாது. எடை போடுவது வாங்குபவர் வேலையாக இருந்திருந்தால் பிரிவு 22 உதவாது; முடிவு தலைகீழாகியிருக்கும். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்.

லாரியில் ஏறிய 50 மூட்டை எடை முடிந்து ஒப்படைக்கப்பட்டவை. *ரக் எதிர் மினெட்* (1809) வழக்கில், விற்பவர் நிரப்பி முடித்த டர்பன்டைன் பீப்பாய்கள் மட்டும் வாங்குபவருடையவை, மற்றவை விற்பவருடையவை என்று தீர்ப்பானது. அதே பிரிப்பு இங்கும் பொருந்தும்.

தரம்: கந்தசாமி மஞ்சள் வியாபாரி, விவரிப்பின்படி விற்றார். பிரிவு 16(2)-இன் வணிகத்தரம் குறித்த உள்ளுறை நிபந்தனை எழுகிறது. ஈயம் கலந்த மஞ்சள் உணவுப்பொருளாக விற்கத் தகுதியற்றது. மசாலா ஆலைக்காரர் வாங்கும்போது நோக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; அவர் விற்பவரின் திறமையை நம்பினார் என்றால் 16(1)-உம் மீறப்படுகிறது. கலப்படம் தனக்குத் தெரியாது என்பது கந்தசாமிக்கு எதிர்வாதமாகாது.

“பார்த்து வாங்கியது” என்ற வாதம் 16(2)-இன் காப்புரையைச் சார்ந்தது. செய்த சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டுமே அது விலக்கு தரும். மூட்டையைப் பிரித்துக் கண்ணால் பார்த்து லெட் குரோமேட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பூஞ்சை பிடித்த மஞ்சளாக இருந்தால் வாதம் வென்றிருக்கலாம்.

தீர்வு: ஐந்து மூட்டையை அரைத்தது விற்பவரின் உரிமைக்கு முரணான செயல், பிரிவு 42-இன்படி ஏற்பு. பிரிக்கமுடியாத ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை ஏற்றாலே, 13(2)-இன்படி நிபந்தனை மீறலை உத்தரவாத மீறலாகத்தான் கொள்ள முடியும். எனவே சரக்கை நிராகரிக்க இயலாது. ஆனால் பிரிவு 59 விலையைக் குறைக்கவோ முழுதும் நீக்கவோ அனுமதிக்கிறது. சரக்குக்கு மதிப்பே இல்லை என்று நிறுவினால் ரூ.4,55,000 கோரிக்கை விழுந்துவிடும். முன்பணம், அரைப்புக் கூலி ஆகியவற்றை இழப்பீடாகக் கோரலாம்.